பொருள்: 200 சிங்கப்பூர் டொலர் கொள்வனவுக்கு 50,120 ரூபா அறவிட்டமை, மாற்று வீத விபரம் கோரல்

நிலாவெளி,
திருகோணமலை.

முகாமையாளர்,
கடனட்டைப் பிரிவு,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

கடந்த மாதக் கடனட்டைக் கூற்றில் சிங்கப்பூர் கடையொன்றின் 200 டொலருக்கு 50,120 ரூபா பதிவாகியுள்ளது. ஒரு டொலர் 250.60 ரூபா! கணக்கில் பதிவான நாளுக்கு வீசா இணையதளக் கணிப்பானில் வங்கிக் கட்டணம் 0 என்று இட்டுப் பார்த்தால் 232.10 ரூபாதான் வருகிறது. அதன்படி 46,420 ரூபா. மீதி 3,700 ரூபா, ஏறத்தாழ 8 சதவீதம், எதற்கு?

மூன்று முறை அழைத்தேன். முதலாமவர் வீதம் நாளுக்கு நாள் மாறும் என்றார். வாங்கிய நாளின் வீதம் 231.40. அந்த வித்தியாசம் 200 டொலருக்கு 140 ரூபாதான். இரண்டாமவர் 3 சதவீதம் மேலதிகக் கட்டணம் என்றார். அதைச் சேர்த்தாலும் 47,812.60 ரூபாதான். மூன்றாமவர், "வெளிநாட்டுச் சாமான் வாங்கினா இப்படித்தான் வரும், விருப்பமில்லாட்டி கார்டை வெட்டிப் போடுங்கோ" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். அழைப்புகளைப் பதிவு செய்வதாக நீங்களே அறிவிக்கிறீர்கள். அதைக் கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளரிடம் பேசும் முறையா இது?

கடைக்காரர் ரூபாயாக மாற்றி விற்றிருப்பார் என்றும் சொல்ல வேண்டாம். பற்றுச்சீட்டிலும் உங்கள் கூற்றிலும் 200 சிங்கப்பூர் டொலர் என்றே உள்ளது. ஆகவே மாற்றியது உங்கள் பக்கம்தான். வீசாவுடன் அமெரிக்க டொலரில் கணக்குத் தீர்த்து, பிறகு உங்கள் சொந்த விற்பனை வீதத்தில் ரூபாயாக்கி, அதன்மேல் 3 சதவீதமும் போட்டிருந்தால் இலாபத்தை இரண்டு இடத்தில் எடுத்திருக்கிறீர்கள். முத்திரை வரியும் உள்ளே இருக்கிறதென்றால் அதைத் தனியாகக் காட்டாதது ஏன்?

நகரக் கிளையில் அரை நாள் காத்திருந்ததுதான் மிகப் பெரிய கொடுமை. கடைசியில் "இங்கே ஒன்றும் பார்க்க முடியாது, கொழும்புக்கு எழுதுங்கள்" என்றார்கள். அதை வாசலிலேயே சொல்லியிருக்கலாம். இந்த மாத வீட்டுச் செலவே இதனால் குலைந்துவிட்டது.

தயவுசெய்து எழுத்தில் தெரிவிக்கவும்: வீசாவுக்கு நீங்கள் செலுத்திய தொகை, அதன் நாணயம், திகதி, அதை ரூபாயாக்கிய வீதம், அது யாருடைய வீதம் என்பது, மேலதிகக் கட்டணமும் முத்திரை வரியும் தனித்தனியே எவ்வளவு, எந்தத் தொகையின் மீது கணிக்கப்பட்டன. விளக்க முடியாத தொகையை என் கணக்கில் மீளச் சேர்க்கவும்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திற்கு, 1935 இல் அழைத்தும் எழுத்திலும், முறைப்பாடு செய்வேன். அவர்களின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. அங்கே போக எனக்குக் கொழும்புப் பயணம் தேவையில்லை. அதற்கு முன் நீங்களே தீர்த்துவைப்பீர்கள் என்று இன்னமும் எதிர்பார்க்கிறேன்.

கூற்று, பற்றுச்சீட்டு, கணிப்பான் பக்கத்தின் பிரதி ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
கடனட்டை வாடிக்கையாளர்