திருவெண்ணெய்நல்லூரிலிருந்து திரும்பியபின்

அன்புள்ள நண்பருக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்தபோது நான் திருவெண்ணெய்நல்லூருக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றபின் செய்த முதல் பயணம் அதுதான். ஆகமங்களும் உரைகளும் அச்சில் கிடைக்கும் காலத்தில் ஒரு மனிதரைக் குருவென்று வணங்க வேண்டிய தேவை என்ன என்று கேட்டிருந்தீர்கள். எல்லாச் சமயங்களுக்கும் சேர்த்து விடை சொல்ல எனக்குத் தகுதியில்லை. சைவ சித்தாந்தம் சொல்லும் விடையை மட்டும், அந்த ஊரின் கதையோடு சேர்த்து எழுதுகிறேன்.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அங்கே சிறுவனாக இருந்தபடியே சைவ சித்தாந்தத்தின் முதன்மை நூலான சிவஞான போதத்தைப் போதித்தார் என்பது மரபு. அவருடைய குடும்பத்தின் குலகுரு ஆதிசைவ மரபினர்; ஆகமங்கள் அனைத்தையும் கற்றவர் என்பதால் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர். தம் மாணாக்கர்களே அந்த வேளாளச் சிறுவனிடம் பாடம் கேட்கப் போவதை அறிந்து அவர் சினத்துடன் வந்தார். சிறுவன் எழுந்து வரவேற்கவில்லை. உயிரைப் பற்றியிருக்கும் அழுக்காகிய ஆணவ மலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆணவத்தின் சொரூபம் யாது?" என்று பண்டிதர் கேட்டார். மெய்கண்டார் பதில் பேசாமல், நின்றுகொண்டிருந்த அவரை அடி முதல் முடி வரை பார்த்தார். பண்டிதர் அப்போதே அடியில் விழுந்து மாணாக்கரானார். நாம் அருணந்தி சிவாச்சாரியார் என்று அறிவது அவரைத்தான்.

உங்கள் கேள்விக்கு விடை அந்தப் பார்வையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆணவத்தின் இலக்கணம் பண்டிதருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும். ஆனால் ஆணவம் என்பது தன்னை மறைத்துக்கொண்டே தொழிற்படும் மலம். அது கண்ணை மூடுவதோடு, மூடியிருக்கிறது என்பதையும் தெரியவிடாது. ஆதலால் நூலைப் படிக்கிறவர் அந்த இலக்கணத்தை எவருக்கும் பொருத்திப் பார்ப்பார், தமக்கு மட்டும் பொருத்தமாட்டார். நூல் பொதுவாகச் சொல்வதை "இதோ, இங்கே" என்று படிப்பவரிடமே காட்டுவதற்கு எதிரே ஒருவர் இருந்தாக வேண்டும்.

சிவஞான போதத்தின் எட்டாம் சூத்திரம் இதையே ஓர் உவமையில் வைக்கிறது. வேடரிடையே வளர்ந்த அரசகுமாரனைப் போல உயிர் ஐம்புலன்களாகிய வேடரிடையே தன்னை மறந்து வளர்கிறது; தன் முதலாகிய இறைவனே குருவாக வந்து உணர்த்த, அது வேடரை விட்டு அரன் கழலை அடைகிறது. உணர்த்துகிறவர் அவனை அரசகுமாரனாக ஆக்குவதில்லை. அவன் முன்பே அப்படித்தான் இருந்தான், அறியாமல் இருந்தான். அந்தச் சூத்திரத்தில் 'தவத்தினில்' என்றொரு சொல் வருகிறது. முன்செய்த தவத்தால் பக்குவம் வந்த உயிருக்கே குரு வருவார் என்பது அதன் பொருள். கூட்டமாக உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் ஞானம் தருவதாகச் சொல்கிறவர்களை நான் நம்பாததற்கு இந்த ஒரு சொல்லே போதுமான காரணம்.

இறைவன் ஏன் மனித உருவில் வர வேண்டும் என்றும் கேட்பீர்கள். இதற்கு உமாபதி சிவம் திருவருட்பயனில் வேட்டைக்காரர் வழக்கத்திலிருந்து ஓர் உவமை எடுக்கிறார். மானைப் பிடிக்கப் பழக்கிய மானைக் காட்டில் விடுவார்கள். அதற்குப் பார்வை என்று பெயர். தன் இனம் என்று நம்பித்தான் மான் அருகே வரும். மனிதரைப் பிடிக்க மனித உருவம் ஒரு போர்வை. அது போர்வை என்பதை உலகம் காண்பதில்லை.

ஆனால் இதே கொள்கைதான் போலிக் குருக்களுக்கும் இடம் தந்துவிடுகிறது. போர்வையை மட்டும் போர்த்திக்கொள்வது எளிது. குருட்டினை நீக்காத குருவைக் கொண்டவர்கள் அவரோடு சேர்ந்தே குழியில் விழுவதைத் திருமூலர் அன்றே பாடிவிட்டார். எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்று உண்டு: கேள்வியைக் குரு எப்படி எதிர்கொள்கிறார் என்று பார்க்க வேண்டும். அருணந்தியார் தம் குருவை நோக்கிப் பாடிய இருபா இருபஃதைப் படித்துப் பாருங்கள். நெற்றிக்கண்ணையும் கழுத்தின் கறையையும் மறைத்து வந்த சிவனே என்று மெய்கண்டாரைப் போற்றித் தொடங்குகிறார். ஆனாலும் இருபது பாடல்களிலும் மலம் எப்படிப் பற்றியது, நீங்கியபின் எங்கே போனது என்றெல்லாம் விடாமல் கேட்டுக்கொண்டே போகிறார். அடியில் விழுந்தவர் கேள்வியை விட்டுவிடவில்லை. கேட்பதையே குற்றமாக்கும் இடத்தில் நான் செருப்பைக் கழற்றமாட்டேன்.

ரமணருக்கு மனித குரு இல்லையே என்ற உங்கள் அடுத்த கேள்வியை இங்கிருந்தே கேட்கிறேன். சித்தாந்தம் இதற்கும் இடம் வைத்திருக்கிறது: ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்கள் மூன்றும் உடைய சகலருக்குத்தான் குரு மானுட உருவில் வருகிறார், ஆணவம் ஒன்றே உடைய விஞ்ஞானகலருக்கு இறைவன் அறிவுக்குள் நின்றே உணர்த்துகிறான். ரமணரை இந்தப் பகுப்பில் எங்கே வைப்பது என்று சொல்ல நான் ஆளில்லை. நானும் நீங்களும் சகலர் என்பதில் மட்டும் எனக்கு ஐயம் இல்லை.

மகளின் திருமணத்திற்கு நாள் குறித்ததும் எழுதுங்கள். இருபா இருபஃதின் உரையை அப்போது கையோடு கொண்டுவருகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய அறைத்தோழன்