நாள் எண்ணும் கணக்கு பற்றி உனக்கு

கண்ணு,

இப்போதைக்கு அடுத்த பிள்ளை வேண்டாமென்று ஆப் பார்த்து நாள் எண்ணித்தான் சேர்கிறோம் என்று நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு ஒரே யோசனை. மஞ்சக்குப்பத்து வீட்டில் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதையெல்லாம் பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். நாற்பது வருஷம் கிராம செவிலியராகச் சுற்றியவள் நான், கூச்சப்படாமல் படி.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது உனக்கு மறுபடி தீட்டு வந்தது. அதன்பின் மூன்று முறை, இடைவெளி 34, 25, 31 நாள் என்றாய். உன் போனில் இருக்கும் ஆப் சராசரி 30 என்று வைத்துக்கொண்டு, தீட்டு வந்த 11-ஆம் நாளிலிருந்து 17 வரை மட்டும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறது, சரியா? அங்கேதான் கோளாறு. முட்டை வெளிவருவது அடுத்த தீட்டுக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு, அதாவது அந்த 25 நாள் மாதத்தில் 11-ஆம் நாளை ஒட்டி. விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆப் பச்சை காட்டிய 8-ஆம் நாள் நீங்கள் சேர்ந்திருந்தால்கூடப் போதும். 34 நாள் மாதத்திலோ முட்டை 20-ஆம் நாள் வாக்கில் வந்திருக்கும், அப்போது ஆப் 'பயமில்லை' என்று சொல்லி மூன்று நாள் ஆகியிருக்கும்.

முறையான கணக்கு வேறு. குறைந்தது ஆறு மாதம் குறித்து வைத்து, மிகக் குறைந்த இடைவெளியில் 18-ஐக் கழிக்க வேண்டும், மிக நீண்டதில் 11-ஐக் கழிக்க வேண்டும். உன் கணக்குக்குப் போட்டுப் பார்: 7-ஆம் நாள் முதல் 23 வரை, மொத்தம் 17 நாள் விலகி இருக்க வேண்டும்! அதுவும் மூன்றே மாதக் குறிப்பை வைத்து. மாப்பிள்ளை சனி ஞாயிறு மட்டும் வருகிற வீட்டில் இது நடக்கிற காரியமா என்று நீயே சொல்.

இப்படி நாள் எண்ணிக்கொண்டிருக்கும் நூறு பேரில் ஒரு வருஷத்தில் சுமார் 15 பேர் கர்ப்பமாகிறார்கள். காப்பர் டி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட வராது. நாள் ஒழுங்காக வருகிற பெண்ணுக்கே அந்த 15 என்றால், பால் கொடுப்பவள், கருக்கலைப்பு ஆனவள், மாத்திரையை இப்போதுதான் நிறுத்தியவள், நீர்க்கட்டி இருப்பவள், நாற்பத்தைந்தைத் தாண்டியவள் எல்லாம் இதை நம்பவே கூடாது. உனக்கு ஆபரேஷன் செய்து பிள்ளை பிறந்து பத்து மாதம்கூட ஆகவில்லை, இப்போதே இன்னொன்று என்றால் அந்தத் தையலுக்கு ஆகாது.

பொங்கலுக்கு வரும்போது இங்கேயே காப்பர் டி போட்டுக்கொள்ளலாம், பால் கொடுப்பவர்களுக்கும் ஆகும். அதுவரை எல்லா நாளும் ஆணுறை, 'பச்சை நாள்' என்றாலும் சரி. மறந்துபோனால் 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் அது அடுத்த தீட்டை முன்னே பின்னே தள்ளிவிடும், அப்புறம் அந்த மாதத்து எண்ணிக்கையும் செல்லாது.

இந்த முறை கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் என்று மட்டும் மெசேஜ் போடு.

அம்மா