வெளிச்சம் பத்தவில்லை என்று எழுதிக் கொடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் புதிய வாசிப்பறைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, கூரை முழுக்க எல்இடி பேனல், "பளிச்சென்று இருக்கிறது" என்று பாராட்டியிருந்தீர்கள். படத்தை உற்றுப் பார்த்தால் கண்ணாடியை ஒட்டிய மேசைகளில் ஒருவர்கூட இல்லை, எல்லோரும் உள்சுவர் ஓரமாக ஒண்டியிருக்கிறார்கள். அந்த அறை பகலில் எப்படி இருக்கும் என்று அந்தக் காலி நாற்காலிகளே சொல்லிவிட்டன. நான் முப்பது வருஷம் கட்டட வயரிங் மேற்பார்வை பார்த்தவன், இப்போது தினமும் எங்கள் ஊர் நூலகத்தில் பேப்பர் படிக்கிறவன். இரண்டு அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன், நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் வாசிப்பறை நாற்பதடி நீளம், இருபத்திரண்டடி அகலம். நீளவாக்குச் சுவர் மேற்குப் பார்த்தது, ஜன்னல்கள் எல்லாம் அதில்தான். கூரையில் பன்னிரண்டு எல்இடி பேனல்கள், ஒவ்வொன்றும் 36 வாட். ஜன்னலுக்கு இணையாக மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு. இரவில் எல்லாம் எரிந்தால் மேசைமேல் விழும் வெளிச்சம் சுமார் 300 லக்ஸ் வரும். அது படிக்கப் போதும், ஐரோப்பாவில் 500 வைக்கச் சொல்கிறார்கள், ஆனால் 300-இல் யாருக்கும் கண் கெட்டதாக நான் பார்த்ததில்லை. ஆனாலும் பகல் பதினோரு மணிக்கு உள்ளே உட்கார்ந்தால் "இருட்டாக இருக்கிறது" என்று எல்லோரும் முனகுவோம். நூலகர் அம்மாவும் ஒருநாள், "சார், உங்களுக்குத்தான் கரண்ட் வேலை தெரியுமே, லைட் பத்தலன்னு ஒரு மனு எழுதிக் குடுங்க, இன்னும் ஆறு பேனல் கேட்டு வாங்கிடலாம்" என்றார்.

நான் மனு எழுதவில்லை. வீட்டிலிருந்த பழைய லக்ஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு அளந்தால் ஜன்னல் மேசையில் 1400, நடு மேசையில் 260, உள்சுவர் மேசையில் 110. விளக்குகளைப் போட்ட பிறகு உள்சுவர் மேசையிலும் 400-ஐத் தாண்டியது. அதாவது இரவில் இருப்பதைவிட அதிகம், ஆனால் இரவில் முனகாதவர்கள் பகலில் முனகுகிறோம். காரணம் மேசையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. எதிரே பளீரென்ற ஜன்னல் இருந்தால் கண் அந்தப் பிரகாசத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். அப்புறம் மற்றதெல்லாம் அதற்கு இருட்டுத்தான். எங்கள் உள்சுவரோ கரும்பச்சை டிஸ்டம்பர், அதன்முன் பழுப்பு அலமாரிகள். வெளிச்சத்தில் ஜன்னல் சுவர் ஒரு கோடி, இந்தச் சுவர் மறுகோடி. இன்னும் ஆறு பேனலை மேசைக்கு மேலே தொங்கவிட்டாலும் இந்த இடைவெளி குறையாது.

குறைக்க என்ன வழி? உள்சுவருக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். சுவருக்கு எதற்கு லைட், யாராவது சுவரைப் படிக்கிறார்களா என்று என்னிடமே கேட்டார்கள். அலமாரிக்கு மேலே இருந்த சுவர்ப்பகுதியை வெள்ளை அடித்து, அலமாரி உச்சியில் ஒரு பலகைக்குப் பின்னால் நான்கு 20 வாட் டியூப்களைச் சுவரைப் பார்த்து மறைத்து வைத்தோம். டியூப் யார் கண்ணிலும் படாது, சுவர் மட்டும் மெதுவாக ஒளிரும். நிமிர்ந்து பார்க்கிறவனுக்கு ஜன்னலும் சுவரும் ஒன்றுக்கொன்று ரொம்ப அந்நியமாக இல்லை. முனகல் பாதி அன்றைக்கே நின்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்த விளக்கு இரவில் அவ்வளவு தேவையில்லை, பகலில்தான் தேவை.

இரண்டாவது சங்கதி சுவிட்ச். இது என் தொழில்காரர்கள் செய்யும் தப்பு என்பதால் கூச்சத்தோடுதான் சொல்கிறேன். எங்கள் அறையில் நான்கு சுவிட்ச். ஒவ்வொன்றும் ஜன்னலோரப் பேனல், நடுப் பேனல், உள்சுவர்ப் பேனல் மூன்றையும் சேர்த்துப் போடும். வயர் இழுக்க அதுதான் சுலபம். விளைவு, உள்ளே ஒருவருக்கு விளக்கு வேண்டுமென்றால் 1400 லக்ஸ் அடிக்கும் ஜன்னலோரத்திலும் விளக்கு எரியும். சாதாரண ஜன்னலின் பகல் வெளிச்சம், தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு இருக்கும் உயரத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரம்தான் உருப்படியாக உள்ளே வரும். எங்கள் ஜன்னலின் மேல்விளிம்பு ஏழடி, ஆக பத்திலிருந்து பதினாலடி. அதற்கு அப்பால் இருக்கிற எட்டடிக்குப் பகலிலும் விளக்கு வேண்டும், முதல் வரிசைக்கு வேண்டவே வேண்டாம். அதனால் ஜன்னலுக்கு இணையாக வரிசைக்கு ஒரு சுவிட்ச் என்று மாற்றினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இப்போது காலையில் உள்வரிசை மட்டும் எரிகிறது, மேகம் போட்டால் நடுவரிசையும். பேனல் மாற்றும்போது 6500 கெல்வின் நீல வெள்ளையை விட்டு, நீலம் குறைந்த 4000 வாங்கச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சத்தோடு அதுதான் சண்டை போடாமல் கலக்கிறது.

அப்புறம் கண் கூச்சம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு பையன் தினமும் நடு மேசையில் உட்காருவான். வழவழப்புத் தாளில் அச்சடித்த கைடு. அதை ஒரு கையால் தூக்கி, சாய்த்து, மறுபடி சாய்த்துப் படிப்பான், மேசையில் வைத்துப் படித்து நான் பார்த்ததே இல்லை. அவன் எழுந்து போனதும் அந்த இடத்தில் என் சட்டைப்பையில் இருந்த சின்னக் கண்ணாடியைத் தாள் இருந்த மாதிரி படுக்க வைத்து, அவன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் பேனல் முழுசாகத் தெரிந்தது. கண்ணாடியில் விளக்கு தெரிந்தால் தாளிலும் அந்த விளக்குத்தான் வெள்ளையாகப் படிந்து எழுத்தை அழிக்கும். மேசையை இரண்டடி நகர்த்தியதும் பேனல் அவன் முன்னால் இல்லாமல் தோளுக்குப் பக்கமாக வந்தது, கைடு மேசைக்கு இறங்கியது. கூடவே மேசைகளையும் திருப்பிப் போட்டோம். முன்பு பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்தும் பாதிப் பேர் அதற்கு முதுகு காட்டியும் உட்கார்ந்தார்கள். ஒருத்தருக்குக் கண் கூசும், இன்னொருத்தருக்குத் தன் தலை நிழலே புத்தகத்தின்மேல் விழும். இப்போது எல்லோருக்கும் ஜன்னல் பக்கவாட்டில். வலது கையால் குறிப்பு எழுதுகிறவர்கள் ஜன்னல் இடப்பக்கம் வருகிற நாற்காலியைத் தாங்களாகவே பிடித்துக்கொள்கிறார்கள்.

நிழலைச் சோதிக்க மீட்டரும் வேண்டாம். வெள்ளைத் தாளுக்கு ஒரு சாண் மேலே பென்சிலைப் பிடியுங்கள். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் இருந்தால் வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து வருகிறது, எழுதும் கை மறைக்கும். ஓரம் கரைந்து, நிழல் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வைத்தால் நல்லது.

இந்தக் கரைந்த நிழலை ஒரு முழு அறைக்கும் கொண்டுவந்தவர் பின்லாந்துக் கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்டோ. அவருடைய வீபுரி நூலகம் 1935-இல் திறந்தது, அந்த ஊர் இப்போது ரஷ்யாவில் இருக்கிறது. கூரையில் 57 வட்ட ஓட்டைகள், ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் விட்டம், ஆழமான புனல் மாதிரி. அந்த ஊரில் கோடையிலும் சூரியன் 52 டிகிரிக்குமேல் பெரிதாக ஏறாது. அதைக் கணக்கிட்டு, நேர் வெயில் புனல் சுவரில் பட்டுச் சிதறித்தான் கீழே வரும்படி ஆழம் வைத்தார். எத்தனையோ திசைகளிலிருந்து வருவதால் புத்தகத்தின்மேல் கை நிழல் விழாது. இரவு விளக்குகளையும் மேசைக்குக் காட்டாமல் வெள்ளைச் சுவர்களுக்குக் காட்டினார், பகலிலும் இரவிலும் ஒரே விதம்.

இதைப் பார்த்துவிட்டு நம் ஊரில் கூரையில் ஓட்டை போடுகிறவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். தஞ்சாவூரில் டிசம்பர் நடுப்பகலில், அதாவது வருஷத்திலேயே தாழ்ந்த நடுப்பகல் சூரியன்கூட 55 டிகிரிக்கு மேலே நிற்கும். வீபுரியின் உச்சக் கோடையைவிட நம் மார்கழி உயரம். ஏப்ரல் மூன்றாம் வாரமும் ஆகஸ்ட் கடைசி வாரமும் சூரியன் தலைக்கு நேர் மேலே. அதே புனலை இங்கே வைத்தால் வெயில் வட்டம் வட்டமாக மேசையில் விழும், அனலும் சேர்ந்து வரும். நமக்கு வழி சுவரில்தான் இருக்கிறது, அதுவும் முடிந்தால் வடக்குச் சுவரில்.

எங்களுக்கு வாய்த்தது மேற்கு. இரண்டடி சன்ஷேடு இருக்கிறதே என்பார்கள். மார்ச் மாதம் நாலரை மணிக்குச் சூரியன் சுமார் 27 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது இரண்டடி சன்ஷேடு ஜன்னலில் மேலே ஓரடிக்குத்தான் நிழல் தரும், மீதி மூன்றடி வழியாக வெயில் நேராக வரும். உடனே திரையை இழுப்பார்கள், அறை இருளும், பன்னிரண்டு பேனலும் எரியும். திரையை மறுநாள் காலையிலும் யாரும் திறப்பதில்லை. நிறைய நூலகங்களில் ஜன்னல் இருந்தும் இல்லாத கதை இப்படித்தான்.

நாங்கள் ஜன்னலை மேல் கீழ் என்று பிரித்துக்கொண்டோம். சன்ஷேடுக்கு மேலே இருந்த வென்டிலேட்டர்களைப் புறாவுக்குப் பயந்து அட்டையால் அடைத்திருந்தார்கள். அட்டையை எடுத்து வலை அடித்து, நாலங்குல அகலப் பலகைகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து இரண்டங்குல இடைவெளியில் படுக்கையாகப் பொருத்தினோம். வெயில் பலகையின் மேல்பக்கம் பட்டு கூரைக்கு ஏறி அங்கிருந்து அறைக்குள் இறங்குகிறது. சன்ஷேடின் மேல்பக்கத்துக்கும் வெள்ளை அடித்துவிட்டோம், அதுவும் தன் பங்குக்கு மேலே தள்ளுகிறது. கீழ் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி. தட்டியை இறக்கினாலும் மேலே இருந்து வெளிச்சம் வருவதால் பேனல்களைத் தேட வேண்டியதில்லை. நடு மேசையில் இப்போது பதினோரு மணிக்கு 340.

குறை இல்லாமல் இல்லை. நாலரைக்குமேல் சூரியன் அந்தப் பலகை இடைவெளிக்குள்ளேயே நுழைந்துவிடும், கொஞ்ச நேரம் நடு மேசையில் கோடு கோடாக வெயில் விழும், அங்கே இருப்பவர் எழுந்து மாறி உட்காரத்தான் வேண்டும். தட்டியைத் தினமும் நாலு மணிக்கு யார் இறக்குவது என்பதும் இன்னும் முடிவாகவில்லை. காவலாளி அது தன் வேலை இல்லை என்கிறார், நூலகர் அம்மாவுக்குக் கயிறு எட்டவில்லை, இப்போதைக்கு அந்தக் கைடு பையன்தான் இறக்குகிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயரிங் மேற்பார்வையாளர்,
தஞ்சை மாவட்டம்