ஆறு வாரத்துக்கான படம்

நாகர்கோவில்

அன்புள்ள ஜஸ்டினுக்கு,

நீ கொடுத்துவிட்ட பென் டிரைவ் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது பழைய கல்யாண ஆல்பங்களை எடுத்து வைத்து, யார் எந்தச் சேலை கட்டியிருந்தார்கள் என்று வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறாள். இனி உன் சேனலுக்கு வருகிறேன்.

வாரம் மூன்று வீடியோ என்று எழுதியிருக்கிறாய். குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில் நீ எடுத்தது மொத்தம் 94 நிமிடம். ஆடியது, மங்கியது, ஒரே காட்சியை மூன்று முறை எடுத்தது எல்லாவற்றையும் கழித்தேன். தேறியது 31 நிமிடம். மனம் தளராதே, கல்யாண வீட்டிலும் எனக்கு இவ்வளவுதான் தேறும்.

ஒரு பகுதி 5 நிமிடம் என்று வைத்துக்கொள். அப்பா முகம் தெரியப் பேசுவது ஒன்றரை நிமிடம். எல்லாப் பகுதிக்கும் பொதுவான தொடக்கமும் முடிவும் அரை நிமிடம். மீதி 3 நிமிடத்துக்குத்தான் தோட்டத்துப் படம் வேண்டும். அப்படியானால் 31 நிமிடத்தில் பத்துப் பகுதி வருமே என்று கணக்குப் போடுவாய். நானும் முதலில் அப்படித்தான் போட்டேன். பிறகு ஒவ்வொரு துண்டையும் எந்த வேலையைக் காட்டுகிறது என்று பார்த்து ஒரு நோட்டில் பிரித்து எழுதினேன். பால் வெட்டுவது 13 நிமிடம், சிரட்டையில் பால் எடுப்பது 6, உறைந்த பாலை ஷீட் அடிப்பது 4, ஷீட்டுக்குப் புகை போடுவது 3, மரமும் பனியும் நடையும் 5. வெட்டுக் காட்சியை 13 நிமிடம் வைத்திருந்தாலும் அதே கை, அதே கத்தி. நான்கு வாரம் காட்டினால் பார்ப்பவருக்குச் சலித்துவிடும். அதில் மூன்று பகுதிதான் தேறும்: வெட்டின் சாய்வு, வெட்டின் ஆழம், விடியும் முன் ஏன் வெட்ட வேண்டும் என்பது. பால் எடுப்பது பாதி டார்ச் வெளிச்சத்தில் இருப்பதால் ஒன்று. ஷீட்டுக்கு ஒன்று, புகைக்கு ஒன்று. ஆக ஆறு. மரமும் பனியும் இடையிடையே மூச்சுவிட உதவும்.

வாரம் ஒன்று, ஆறு வாரம். இதுதான் உன் முதல் தொடர்.

வெட்டுப் பகுதிகள் மூன்றையும் அடுத்தடுத்து விடாதே. சாய்வு, பால் எடுப்பு, ஆழம், ஷீட், விடியல், புகை என்று போகட்டும். ஒவ்வொன்றும் அப்பாவிடம் ஒரு கேள்வியோடு தொடங்க வேண்டும். ‘ஆழமாக வெட்டினால் பால் அதிகம் வராதா?’ என்று கேள். பட்டையைத் தாண்டி உள்ளே கத்தி பட்டால் அங்கே முண்டு விழும், பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது என்று அவர் சொல்லும்போது, கை வேலையை நெருங்கிக் காட்டு. தலைப்பில் ‘பகுதி 3’ என்று முதலில் போடாதே. மூன்றாவதில்தான் உன்னை முதன்முதலாகப் பார்ப்பவன், முந்தைய இரண்டைத் தேடி அலைய மாட்டான். வேறு வீடியோவுக்குப் போய்விடுவான். கேள்வியைத் தலைப்பாக்கு, எண்ணைக் கடைசியில் வை.

சென்ற வருடம் நான் செய்த முட்டாள்தனம் உனக்குத் தெரியும். தொட்டிப்பாலத்தில் எடுத்ததை எல்லாம் நான்கே நாளில் நான்கு வீடியோவாக விட்டேன். பிறகு இரண்டு மாதம் கையில் ஒன்றுமில்லை. அதனால் மூன்று பகுதி முழுதாக முடிந்த பிறகே முதலாவதை வெளியிடு. வியாழன் இரவே ஏற்றி, யூடியூபில் Schedule என்பதில் சனி மாலை 7 மணி வைத்துவிடு. கையிருப்பு எப்போதாவது ஒன்றாகக் குறைந்தால், அடுத்தது இரண்டு வாரம் கழித்து என்று முன்கூட்டியே சொல்லிவிடு. சொல்லாமல் நின்று போவதுதான் பார்ப்பவருக்குக் கோபம் தரும். எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதில் அதிகம் மண்டையை உடைக்காதே. உன் வீடியோவை முதல் நாளில் பார்ப்பவர் நம் சொந்தக்காரர்கள்தான், அவர்கள் எந்த நேரத்திலும் பார்ப்பார்கள்.

ஜூனில் மழை பிடித்துவிட்டால் வெட்டே பல நாள் தடைப்படும், படமும் எடுக்க முடியாது. அந்த நாட்களில் அப்பாவின் குரலை மட்டும் பதிவு செய். ஆனால் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து செய்யாதே. மழைச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும், பிறகு எதைக் கொண்டும் அதைப் பிரிக்க முடியாது. துணி அலமாரி இருக்கும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய். அவர் பழைய கணக்கு நோட்டு வைத்திருப்பாரே, அதன் பக்கங்களைப் புகைப்படமாக எடு. குரலும் நோட்டும் இருந்தால் அடுத்த தொடரில் இரண்டு பகுதிக்கு ஆகிவிடும்.

ஷீட் அடிக்கும் இடத்தில் மட்டும் இன்னும் ஒரு பத்து நிமிடம் வேண்டும். பாலில் பார்மிக் அமிலம் கலந்து உறையும் வரை நீ கேமராவை நிறுத்தியே வைத்திருக்கிறாய். உறைந்த பின் தட்டைக் கவிழ்க்கும் நொடி இல்லவே இல்லை. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அதுவரை யாரையும் தட்டைக் கவிழ்க்க விடாதே.

உன்
செல்வராஜ்