பேத்திக்குச் சோறூட்டும் நாளுக்கு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்ததும் இரண்டு முறை படித்தேன். பேத்திக்கு அதற்குள் ஆறு மாதம் முடிகிறதா! எனக்கு மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதனால் கண்டிப்பாக வருவேன். நாற்பது பேருக்கு என்ன சமைப்பது என்று கேட்டிருக்கிறாய். சமையல்காரரிடம் பேசும் முன்பு குழந்தையின் கிண்ணத்தை முதலில் முடிவு செய்.

எங்கள் வீட்டில் நான் செய்த தவறு அதுதான். சர்க்கரைப் பொங்கலில் ஒரு கரண்டி எடுத்துக் குழந்தைக்கு ஊட்டலாம் என்று நினைத்திருந்தேன். அதில் வெல்லம், முந்திரி எல்லாம் போக, வாசனைக்குப் பச்சைக் கற்பூரமும் போட்டிருந்தார்கள். கற்பூரம் கைக்குழந்தைக்கு நஞ்சு, கொஞ்சம் உள்ளே போனாலும் வலிப்பு வரலாம். நல்லவேளை, என் மருமகள் கேட்டுத் தடுத்துவிட்டாள். அதனால் அன்று குழந்தைக்கென்று தனியாக ஒரு சின்னக் குக்கர் வை. இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசி, ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, ஒன்றரை டம்ளர் தண்ணீர். நன்றாகக் குழைய வேகவிட்டு மசித்து, இரண்டு சொட்டு நெய் விட்டால் போதும். உப்பும் வேண்டாம், இனிப்பும் வேண்டாம். கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராக ஓடாமல் மெதுவாக வழிய வேண்டும். சடங்குக்கு அரை மணி முன்னால் செய்தால் சரியாக இருக்கும். காலையிலேயே வைத்துவிட்டால், சோறு வெளியில் ஆறிக்கிடக்கும் நேரத்தில் கிருமி பெருகும்.

அப்புறம், யார் ஊட்டுவது என்பதை முன்பே பேசிவை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தி அவரும், தாத்தா பாட்டிகளும் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டட்டும். முதல் நாள் நான்கைந்து வாய்க்கு மேல் குழந்தைக்குத் தேவையில்லை. மற்ற பெரியவர்கள் அட்சதை போட்டு ஆசீர்வதிக்கட்டும். எங்கள் வீட்டில் ஒரு பெரியம்மா பாசத்தில் குழந்தையின் நாக்கில் தேன் தடவிவிட்டார். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டோம். மலச்சிக்கல், அழுகுரல் மெலிதல், பால் குடிக்கச் சோம்பல், உடல் துவளுதல், இவற்றில் எது தெரிந்தாலும் உடனே கொண்டுவரச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பல நாள் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தோம். தேன் பாட்டிலை அன்று கண்ணில் படும் இடத்தில் வைக்காதே.

வரப்போகும் மற்ற இரண்டு கைக்குழந்தைகளுக்கும் பானகம், இளநீர் எதுவும் தரவிடாதே. அவர்களுக்குத் தாய்ப்பாலோ, வழக்கமாகக் குடிக்கும் பாலோதான். அம்மாக்கள் பால் கொடுக்க ஓர் அறையை ஒதுக்கி, ஃபிளாஸ்க்கில் கொதித்த நீர் வைத்துவிடு.

பெரியவர்களுக்கு இனி. மெனுவைவிட எனக்கு நேரம்தான் கவலை. உன் மாமனார் சாப்பாட்டுக்கு முன்பு இன்சுலின் போடுபவர். முகூர்த்தம் பத்தரை மணி என்றாலும் சடங்கு இழுத்துக்கொண்டு போகும். ஒன்பது மணிக்கே வழக்கம்போல இட்லி கொடுத்துவிடு. முதல் பந்தியில் அவரை உட்கார வை. இலை பார்த்த பிறகுதான் ஊசி என்று அவரிடம் சொல், போட்டுக்கொண்டு காத்திருந்தால் சர்க்கரை இறங்கித் தலைசுற்றும். பல்செட் வைத்திருப்பவர்கள் இருப்பதால் கொண்டைக்கடலைச் சுண்டலுக்குப் பதில் பூசணிக்கூட்டு, குழைந்த சாம்பார் சாதம், ரசம், தயிர்ச்சோறு என்று வைத்துக்கொள். இனிப்பு ஒன்று போதும். பாயசத்தைச் சின்ன டம்ளரில் கொடு.

குடிக்க நீர்மோரே என் ஓட்டு. இரண்டு லிட்டர் தயிருக்கு ஆறு லிட்டர் தண்ணீர் விட்டுக் கடைந்தால் நாற்பது டம்ளர் வரும். ரத்த அழுத்தக்காரர்களுக்காக உப்பே போடாமல் இஞ்சி, கறிவேப்பிலை மட்டும் தட்டிப்போடு. உப்பைக் கிண்ணத்தில் பக்கத்தில் வை. பானகம் செய்தால் தனிப் பாத்திரத்தில், வெல்லம் போட்டது என்று எழுதி ஒட்டு. உன் நாத்தனார் டயாலிசிஸில் இருக்கிறார் அல்லவா, அவருக்கு இளநீர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் இதயத்துக்கு ஆபத்து. மோர், தண்ணீர் எல்லாமே அவருடைய நாள் அளவுக்குள் வர வேண்டும். எவ்வளவு என்று அவரிடமே கேட்டுக்கொள்.

முந்தின நாளே நான் வந்துவிடுகிறேன். அந்தச் சின்னக் குக்கரை என்னிடம் விட்டுவிடு. வெள்ளிக் கிண்ணமும் கரண்டியும் வாங்கிவிட்டாயா? இல்லையென்றால் எழுது, எங்கள் வீட்டில் இருப்பதைத் தேய்த்துக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் சாந்தி