கொள்ளுச் சூப்பும் இரவுக் குளிசையும்

உப்புவெளி, திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் போடாதது என் பிழைதான், ஏசிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். மாரி விட்டபாடில்லை, வீட்டில் ஆளாளுக்குத் தடிமன்.

நீ இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கொள்ளுச் சூப் மட்டும் குடிக்கிறாய் என்று தங்கச்சி நேற்று என் மனிசியிடம் போனில் சொன்னாளாம். பச்சைச் சைக்கிளில் ஏறிய நாளிலிருந்து நீ எதையும் அரைகுறையாகச் செய்தவனில்லை. ஆனால் இதைக் கேட்டதும் எனக்கு நித்திரை வரவில்லை. காரணம் அத்தான்.

உன்னைப்போல அத்தானுக்கும் சீனி வருத்தம், பத்து வருடமாக இருப்பது உனக்குத் தெரியும். "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று யாரோ சொல்ல, போன மாதம் அவரும் தொடங்கினார். அக்கா பக்குவமாகத்தான் செய்தாள். 100 கிராம் கொள்ளைச் சுளகில் போட்டுக் கல் பொறுக்கி (கல்லும் கொள்ளும் ஒரே நிறம், கண்ணாடி போடாமல் பார்க்காதே), இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, குக்கரில் அவித்தாள். விரலிடையில் நசித்தால் மாவாக வரவேண்டும், இல்லாவிட்டால் வயிறு ஊதும். பாதியை மசித்து, உள்ளி, மிளகு, நற்சீரகம் தட்டிப்போட்டு, நான்கு பேருக்குப் பங்கிட்டாள். ஒரு மாதத்தில் அத்தானுக்கு ஒன்றரைக் கிலோ குறைந்தது. கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிட்டது என்று வீடே நம்பியது.

நான் இருந்து கணக்குப் பார்த்தேன். அவர் பங்குக்கு வந்த 25 கிராம் கொள்ளில் ஏறக்குறைய 80 கலோரி, ஐந்தரைக் கிராம் புரதம். முன்பு இரவுக்கு அவருக்கு 100 கிராம் அரிசியில் ஆக்கிய சோறு. அதுவே 350 கலோரி, தேங்காய்ப்பால் கறி வேறு. சோற்றை மட்டும் எடுத்தாலும் நாளுக்கு 270 குறைகிறது. முப்பது நாளில் 8,100. ஒரு கிலோ கொழுப்பு என்பது 7,700 கலோரி அளவு. மிச்ச அரைக் கிலோவுக்குத் தேங்காய்ப்பால் கணக்குச் சொல்லும். உடம்பை இறக்கியது அவர் சாப்பிடாமல் விட்ட சோறு, மச்சான். கொள்ளின் பங்கு பசியை அடக்கியது. புரதமும் நாரும் உள்ளதால் வயிறு நிறைந்து நிற்கும், அது உண்மையான நன்மை. ஆனால் வழமைபோலச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு மேலே சூப்பைக் குடித்தால் 80 கலோரி கூடத்தான் செய்யும். மசிக்காமல் தெளிவை மட்டும் வடித்தாலோ புரதத்தில் பெரும்பங்கு சட்டியிலேயே தங்கிவிடும்.

அப்புறம் நடந்ததைக் கேள். சோறு குறைந்தது, குளிசை குறையவில்லை. அவர் இரவில் போடுவது கிளிக்லசைட். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஒரு நாள் பின்னேரம் கொஞ்சம் கூட நடந்திருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு அக்கா எழும்பிப் பார்த்தால், படுக்கை நனைந்து வேர்வை, கை நடுங்குகிறது, பேச்சுக் குழறுகிறது. மெசினில் பார்த்தால் சீனி 52க்கு இறங்கியிருந்தது. விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் 74க்கு வந்தது. இந்தக் குளிசை உடம்பில் நீண்ட நேரம் நிற்பதால் சீனி திரும்பவும் இறங்கலாம். அதனால் பாண் துண்டும் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அதையும் தங்கச்சியிடம் சொல்லிவை.

சீனிக்கு மெட்போமின் குளிசை மட்டும் போடுபவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உன்னுடையது எது என்று எனக்குத் தெரியாது.

தடிமனுக்குக் குடி, நான் தடுக்கவில்லை. எனக்கே நேற்று ஒரு கோப்பை இதமாக இருந்தது. ஆவி மூக்கில் ஏறியது, மிளகு சளியை இளக்கியது, தொண்டை எரிவு தணிந்தது. அது சூட்டுக்கும் காரத்துக்கும் உரிய வேலை, மிளகு இரசமும் அதைச் செய்யும். தடிமனைத் தருவது வைரஸ், கொள்ளு அதைக் கொல்லும் என்பதற்கு ஆதாரமில்லை. ஏழு, பத்து நாளில் அது தானாகத்தான் போகும். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, இருமல் இரண்டு கிழமைக்கு மேல் இழுத்தாலோ சூப்போடு இருந்துவிடாதே.

சரி, இப்போது எனக்கு வேண்டியது ஒன்றுதான். உன் இரவுக் குளிசைப் பைக்கற்றில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே தங்கச்சியிடம் சொல்லி அனுப்பு. கிளினிக்கில் டொக்டரிடம், "இரவில் சோறு விட்டுவிட்டேன்" என்று சொல்லிக் குளிசையின் அளவைக் கேள். நீயாக நிறுத்தாதே. கேட்கும்வரை சூப்போடு இரண்டு இடியப்பமாவது சாப்பிடு.

உன்
மச்சான்