ஒரு புள்ளிக்காக ஒரு கடிதம்

அன்புத் தோழி,

எட்டு மாதமாக நான் எழுதவில்லை. கோபப்பட உனக்கு உரிமை உண்டு. நலமாக இருக்கிறேன், ஆய்வேடு பாதியில் நிற்கிறது, அய்யா இன்னும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைத்தான் முதலில் விசாரிக்கிறார். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அரிய நூல் அறையில் இருக்கும் அந்தப் பழைய மருத்துவ நூலின் 18 பக்கங்களைப் படம் எடுத்துப் பெயர்த்தெழுத அனுமதி வேண்டும். முறையான விண்ணப்பத்தைத் தனியாக அனுப்புகிறேன். ஏன் கேட்கிறேன் என்பதை உனக்கு நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

போன வருடம் வேறொரு நூலகத்தில் இதே பதிப்பின் பிரதியைப் பார்த்தேன். அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். அவசரத்தில் கைபேசியின் ஆவண ஸ்கேன் முறையில் எடுத்துவிட்டேன். அது தாளை வெள்ளையாகவும் எழுத்தைக் கறுப்பாகவும் மாற்றிவிடும். பார்க்கத் தெளிவாக இருந்தது, நானும் ஏமாந்தேன். வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது ஒரு தலைப்பில் மாட்டிக்கொண்டேன். அது 'பல நோய்க்கு' என்பதா, 'பல் நோய்க்கு' என்பதா? ல மேல் ஒரு பொட்டு இருக்கிறது. அது அச்சுப் புள்ளியா, தாளின் பழுப்புக் கறையா? ஸ்கேன் முறை இரண்டையும் ஒரே கறுப்பாக்கிவிட்டது. இன்னும் சில இடங்களில் மங்கிய புள்ளிகளைத் தாளோடு சேர்த்து வெளுத்தும் விட்டது. பழைய நூல்களில் நோய்ப் பெயர்கள் என்பதுதான் என் ஆய்வு. அந்தப் பொட்டு முடிவாகாமல் அந்த அத்தியாயம் நகராது.

அந்தப் பிரதி பொடிந்துபோனதால் இப்போது யாருக்கும் தருவதில்லை. உன்னிடம் இருப்பது அதே பதிப்பு. கறையாக இருந்தால் இரண்டு பிரதியிலும் ஒரே இடத்தில் வராது. புள்ளியாக இருந்தால் உன் பிரதியிலும் இருக்கும். தேய்ந்த எழுத்தாக இருந்து மை சரியாகப் படாமலும் போயிருக்கலாம், அதனால் படம் மட்டும் போதாது. சாய்வான வெளிச்சத்தில் அந்த வரியைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஈய எழுத்து அழுத்திய இடம் தாளில் மெல்லிய பள்ளமாகத் தெரியும். கறைக்குப் பள்ளம் இருக்காது. விளிம்பும் மங்கிப் பரவியிருக்கும்.

ஆகவே இரண்டு முறை வர அனுமதி கேட்கிறேன். முதல் முறை படம் எடுக்க, பெயர்த்தெழுதி முடித்த பிறகு சந்தேகப் பட்டியலோடு ஒரு மணி நேரம். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்.

படம் எடுக்கும் முறை பற்றி நீ கவலைப்படுவாய் என்று தெரியும். ஃபிளாஷ் கிடையாது. நூலை 90 பாகைக்கு மேல் திறக்க மாட்டேன், நீ தரும் தாங்கியில் சாய்த்து வைத்து ஒவ்வொரு பக்கமாக எடுப்பேன். வலப் பக்கங்கள் எல்லாம் முதலில், பிறகு இடப் பக்கங்கள். அப்போது நூலை ஒரே ஒரு தரம்தான் திருப்பி வைக்க வேண்டியிருக்கும். கண்ணாடி வைத்து அழுத்தினால் முதுகு உடையும், அது வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத வெறுங்கை போதும். கையுறை போட்டால் விரலுக்குத் தாள் தெரியாமல் ஓரம் கிழிந்துவிடுகிறது.

பக்கம் ஏறத்தாழ 14க்கு 21 செ.மீ. ஓரத்தில் ஒரு அளவுகோலும் வண்ண அட்டையும் வைப்பேன். 4000க்கு 3000 பிக்சல் கேமராவில் நீளவாக்கில் 25 செ.மீ. பிடித்தால், ஒரு செ.மீ.க்கு 160 பிக்சல், அங்குலத்துக்குச் சுமார் 400. ஒரு சிறு புள்ளியைப் பார்க்க அது போதும். முதல் படத்தைப் பெரிதாக்கி, அளவுகோலில் ஒரு செ.மீ.யை எண்ணிப் பார்த்த பிறகுதான் அடுத்ததை எடுப்பேன். நடுமடிப்பில் எழுத்து நிழலில் மறைகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்வேன். போன தடவை அப்படி நான்கு வரிகளின் கடைசி எழுத்து போய்விட்டது.

பெயர்த்தெழுதும்போது எதையும் திருத்த மாட்டேன். அச்சுப்பிழை பிழையாகவே இருக்கும், வரி முறிவும் அப்படியே. என் ஊகம் சதுர அடைப்புக்குள் போகும். அளவுகளில்தான் எனக்குப் பயம். தமிழ் எண்ணில் ஒன்று க போலவே இருக்கும், இரண்டு உ போல, கால் வ போல. 'பலம்' என்ற எடைச் சொல்லுக்குப் பக்கத்தில் வந்தால் எண் என்று புரிகிறது, தனியாக நின்றால் இல்லை. அந்த இடங்களும் பட்டியலில் இருக்கும்.

ஆசிரியர் மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது, அதனால் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் நூலைக் காப்பது உங்கள் நூலகம். படங்களை வெளியிடுவதானால் மறுபடியும் கேட்பேன். மூலப் படங்களின் ஒரு தொகுப்பும் பெயர்த்தெழுதிய கோப்பும் உங்களுக்கே தந்துவிடுகிறேன். அடுத்தவர் கேட்டால் நூலை மறுபடி திறக்க வேண்டியிருக்காது.

தாள் ரொம்பவும் உடைவதாகத் தோன்றினால் முடியாது என்று சொல்லிவிடு, வருத்தப்பட மாட்டேன். அப்படியானால் ஒரு உதவி மட்டும் செய். நீயே அந்தத் தலைப்பைச் சாய்வு வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்து, ல மேல் பள்ளம் இருக்கிறதா என்று எழுது.

உன் பழைய அறைத்தோழி